பிழை போனது, கேட்டதும் போனது

போன வருடம் மே மாதக் கடைசியில் எங்கள் வட்டத்துத் தோழி ஒருத்தி ஒரு மின்னஞ்சலை எங்களுக்கு அனுப்பினாள். "பிழை பாத்துத் தாங்கோ, நாளைக்குக் காலமை அனுப்போணும்" என்பதுதான் கூட வந்த ஒரே குறிப்பு. யாழ்ப்பாணத்தில் இருக்கிற ஒரு தொண்டு நிறுவனம் அவளுக்குக் கணக்கு உத்தியோகத்தர் வேலை தருவதாக எழுதியிருந்தது. சம்பளம் அவள் நினைத்ததை விடக் குறைவு. வேலையும் வேண்டும், சம்பளமும் கூட வேண்டும். அதைத்தான் எழுதியிருந்தாள். அந்த நிறுவனம் எல்லாக் கடிதத்தையும் தமிழிலேயே எழுதுகிற இடம், அதனால் அவளும் தமிழிலேயே எழுதினாள்.

நாங்கள் இந்தத் தளத்தில் மாதம் நாலைந்து கட்டுரைகளுக்குப் பிழை பார்க்கிறவர்கள். ஒரு மின்னஞ்சல் என்ன பெரிய வேலையா என்று நினைத்தோம். ஆனால் அதில் பிழை விட்டது நாங்கள்தான். அதனால்தான் இதை எழுதுகிறோம். சம்பளம் பேசுகிற கடிதத்தை ஒரு சிநேகிதருக்குத் திருத்திக் கொடுக்கிற நிலைமை உங்களுக்கும் வரும்.

அவள் எழுதியது இது. அவளுடைய அனுமதியோடு, பிழைகளோடு அப்படியே தருகிறோம்.

"வணக்கம் ஐயா, உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது, நன்றி. கணக்கு உத்தியோகத்தராகத் தங்களோடு வேலை செய்ய எனக்கு விருப்பம். இந்த வேலையின் பொறுப்புகள் விளம்பரத்தில் இருந்ததை விட கூடுதலாக உள்ளது. இரண்டு திட்டங்களின் கணக்குகள் நானே தனியாக பார்க்க வேண்டும் என்று நேர்முக தேர்வில் சொல்லப்பட்டது. நீங்கள் குறிப்பிட்ட 75,000 ரூபாய் அந்த வேலைக்கும் எனது நான்கு வருட அனுபவத்துக்கும் போதாது என்று நினைக்கிறேன். அடிப்படை சம்பளம் 90,000 ரூபாய் என்றால் ஜூலை மாதம் முதலாம் திகதி வேலையை தொடங்குவேன். தங்கள் பதிலை வெள்ளிக்கிழமைக்கு முன் எதிர்பார்க்கிறேன். நன்றி."

பிழைகள் உடனே கண்ணில் பட்டன. ஐந்து இடத்தில் ஒற்று விடுபட்டிருக்கிறது: விடக் கூடுதலாக, தனியாகப் பார்க்க, நேர்முகத் தேர்வில், அடிப்படைச் சம்பளம், வேலையைத் தொடங்குவேன். "பொறுப்புகள்" பன்மை, ஆகவே "உள்ளது" அல்ல, "உள்ளன". "கணக்குகள் நானே பார்க்க" என்பதில் ஐ உருபு இல்லை, "கணக்குகளை" என்று வரவேண்டும். ஒரு வரியில் "உங்கள்", அடுத்த வரியில் "தங்கள்".

இந்த அளவோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கையில் பேனை இருக்கிறவருக்கு நிறுத்தத் தெரிவதில்லை. "கொஞ்சம் வெட்டு ஒண்டு துண்டு ரெண்டா இருக்கு, மரியாதையா மாத்துவம்" என்று எங்களில் ஒருவர் தொடங்க, மற்றவர்கள் ஆளுக்கொரு சொல் போட்டோம். அரை மணித்தியாலத்தில் பின்பாதி இப்படி ஆகிவிட்டது:

"தாங்கள் குறிப்பிட்டுள்ள சம்பளம் தொடர்பில் சிறியதொரு வேண்டுகோளை முன்வைக்க விரும்புகின்றேன். எனது அனுபவத்தைக் கருத்திற்கொண்டு, இயலுமாயின் சம்பளத்தை 90,000 ரூபாயாக அதிகரிப்பது குறித்துப் பரிசீலிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கின்றேன். தங்களின் சாதகமான பதிலை ஆவலுடன் எதிர்பார்க்கின்றேன்."

ஒரு ஒற்றுக்கூடப் பிழையில்லை. வாசிக்கவும் அழகாய்த்தான் இருந்தது. அனுப்பினோம். பத்து நிமிடத்தில் அழைப்பு வந்தது.

"பிழை ஒண்டும் இல்லைத்தான். ஆனா நான் கேட்டது எங்க? இதில நான் கெஞ்சிக்கொண்டெல்லோ நிக்கிறன்."

முதலில் எங்களுக்குக் கொஞ்சம் கோபம். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தோம். அவள் சொன்னது சரி.

அவளுடைய வசனம்: "90,000 ரூபாய் என்றால் வேலையைத் தொடங்குவேன்." எங்களுடையது: "இயலுமாயின் அதிகரிப்பது குறித்துப் பரிசீலிக்குமாறு." இரண்டிலும் ஒரு நிபந்தனை இருக்கிறது. அவளுடையதில் நிபந்தனை அவளுடைய வாக்குறுதியோடு கட்டப்பட்டிருக்கிறது: நீங்கள் இதைச் செய்தால் நான் இதைச் செய்வேன், இந்தத் திகதியில். எங்களுடையதில் நிபந்தனை அவர்களுடைய வசதியோடு கட்டப்பட்டிருக்கிறது: உங்களுக்கு ஏலுமென்றால். "இயலாது" என்று ஒரு சொல்லில் பதில் எழுதிவிட்டு அவர்கள் போகலாம், அவள் அதற்குப் பிறகு என்ன செய்வாள் என்பது கடிதத்தில் எங்குமே இல்லை. போதாததற்கு, கேட்பதே "அதிகரியுங்கள்" என்று அல்ல, "அதிகரிப்பது குறித்துப் பரிசீலியுங்கள்" என்று. பரிசீலித்தோம், முடியவில்லை என்றால் கேட்டதைச் செய்து முடித்தாயிற்று.

இன்னும் இரண்டு விஷயங்கள் சத்தமில்லாமல் காணாமற் போயிருந்தன. விளம்பரத்தில் இல்லாத இரண்டாவது திட்டத்தின் கணக்கு வேலை என்பதுதான் அவளுடைய நியாயம். அது "எனது அனுபவத்தைக் கருத்திற்கொண்டு" என்பதற்குள் கரைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை என்ற நாளும் "ஆவலுடன்" என்ற சொல்லாக மாறிவிட்டது.

இது எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார்த்தால் தூரம் போகத் தேவையில்லை. நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த கடிதங்கள் எல்லாம் விண்ணப்பங்கள். பிரதேச செயலாளருக்கு வீதி திருத்தித் தரும்படி, அதிபருக்கு விடுமுறை தரும்படி, கிராம அலுவலருக்கு ஒரு சான்று தரும்படி. "தயவுடன்", "பணிவுடன்", "கேட்டுக்கொள்கின்றேன்" எல்லாம் அங்கே பழகினவை. அந்தக் கடிதங்களில் ஒருவர் கொடுக்கிறவர், மற்றவர் வாங்குகிறவர். வாங்குகிறவரிடம் பதிலுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. சம்பளப் பேச்சு அந்த வகை அல்ல. நேர்முகத் தேர்வு முடிந்து, ஆளைத் தெரிந்து, "வாருங்கள்" என்று எழுதியது அவர்கள். அவளிடமும் கொடுப்பதற்கு ஒன்று இருக்கிறது. இந்த நேரத்தில் விண்ணப்ப நடையை எடுத்தால், கையில் இருக்கிறதை மறைத்துவிட்டு வெறுங்கையைக் காட்டுகிற மாதிரி. எங்களுக்குத் தமிழில் "மரியாதையான கடிதம்" என்றால் அந்த ஒரு நடைதான் கைவரும் என்பது எங்கள் குறை, மொழியின் குறை அல்ல.

குற்ற உணர்ச்சியில் அடுத்த திருத்தத்தில் மற்றப் பக்கம் சாய்ந்தோம். ஒருவர் "இல்லையேல் என்னால் இணைந்துகொள்ள முடியாது" என்று ஒரு வசனம் சேர்த்தார். இப்போது உறுதி வந்துவிட்டது என்று நினைத்தார். அவள் அதையும் வெட்டிவிட்டாள். "90 தராட்டி போகமாட்டன் எண்டு நான் இன்னும் முடிவெடுக்கேல்லை. 85 எண்டாலும் யோசிப்பன். ஏன் இப்பவே கதவைச் சாத்துறியள்?"

அவளுடைய முதல் வசனத்தைத் திரும்பப் பாருங்கள். 90,000 என்றால் தொடங்குவேன் என்கிறது. இல்லையென்றால் என்ன என்று சொல்லவில்லை. வாசிக்கிறவர் ஊகிக்கலாம், ஆனால் எழுத்தில் இல்லை. அவர்கள் 85 என்று திரும்பி வந்தால், சொன்ன வாக்கை மாற்றாமலே அவளால் "சரி" என்று சொல்ல முடியும். அந்த மௌனம் தெரியாமல் விட்டது அல்ல. உறுதி எவ்வளவு வேண்டும் என்பதை அவள் அளந்து வைத்திருந்தாள். நாங்கள் முதலில் அதைக் குறைத்தோம், பிறகு கூட்டினோம். இரண்டும் ஒரே பிழைதான்.

"சொல்லப்பட்டது" என்ற சொல்லிலும் இதே கதை. செயப்பாட்டு வினையைக் கண்டால் செய்வினையாக்கு என்று எங்கள் தளத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. அப்படி மாற்றினால் "நீங்கள் நேர்முகத் தேர்வில் சொன்னீர்கள்" என்று வரும். வாசிக்கிறவர் அதே நேர்முகத் தேர்வில் இருந்த பணிப்பாளர். விளம்பரத்தில் இல்லாததை நீங்கள்தான் பிறகு சொன்னீர்கள் என்று விரல் நீட்டுகிற தொனி வந்துவிடும். "சொல்லப்பட்டது" என்றால் விஷயம் அப்படியே நிற்கும், ஆள் மட்டும் மறைவார். கடிதத்தில் மரியாதை இருந்தது இந்த இடத்தில்தான். அதைத் தொடவில்லை.

இனி, நாங்கள் தொட்டிருக்க வேண்டியதும் முதலில் கவனிக்காததுமான ஒன்று. இலக்கணப் பிழை அல்ல, ஆனால் எல்லாப் பிழையையும் விட விலை கூடியது.

"நியமன மின்னஞ்சலை ஒருக்கா அனுப்பு" என்று மூன்றாவது முறைதான் கேட்டோம். முதல் வேலையே அதுவாக இருந்திருக்க வேண்டும். அதில் அடிப்படைச் சம்பளம் 65,000, போக்குவரத்துப் படி 10,000, மொத்தம் 75,000 என்று இருந்தது. ஊழியர் சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கை நிதியும் அடிப்படைச் சம்பளத்தில் கணக்கிடப்படும் என்றும் எழுதியிருந்தார்கள். அவளோ 75,000 போதாது, "அடிப்படை சம்பளம்" 90,000 என்றால் வருவேன் என்று எழுதியிருக்கிறாள். ஒரு வசனத்தில் மொத்தம், அடுத்த வசனத்தில் அடிப்படை.

"நீ கேக்கிறது மொத்தம் தொண்ணூறா, அடிப்படை தொண்ணூறா?" என்று கேட்டோம். மொத்தம்தான் என்றாள். படி அப்படியே இருக்க, அடிப்படை 80,000 ஆகவேண்டும்.

இந்த ஒரு சொல்லின் கணக்கு இது. சேமலாப நிதிக்கு ஊழியரின் பங்கு 8 வீதம், வேலைகொள்வோரின் பங்கு 12 வீதம். நம்பிக்கை நிதிக்கு வேலைகொள்வோர் மட்டும் 3 வீதம் கட்டுகிறார். அடிப்படைச் சம்பளம் 65,000 இலிருந்து 80,000 ஆனால், கூடுகிற 15,000 இல் அவளுடைய கைக்கு வருவது 13,800. நிறுவனத்துக்கு மாதம் கூடுதலாகச் செலவாவது 17,250. அடிப்படையே 90,000 என்றால் நிறுவனத்துக்குக் கூடுகிற செலவு 28,750. அவள் நினைத்துக் கேட்டதுக்கும் எழுத்தில் கேட்டதுக்கும் இடையில் மாதம் 11,500 ரூபாய். பணிப்பாளர் இரண்டாவது தொகையைப் பார்த்து "இது சரிவராது" என்று முடித்திருக்கலாம். அப்போது எங்கள் ஐந்து ஒற்றும் ஒரு பிரயோசனமும் இல்லாமல் போயிருக்கும்.

இதைத் திருத்துகிறவர் தானாக மாற்றக்கூடாது, கேட்கவேண்டும். "அடிப்படை" என்பதை "மொத்த" என்று நாங்களே மாற்றியிருந்து, அவள் உண்மையிலேயே அடிப்படையைத்தான் நினைத்திருந்தால், அவளுடைய பணத்தை நாங்கள் குறைத்தவர்கள் ஆகிவிடுவோம். ஒற்று, உருபு, ஒருமை பன்மை எல்லாம் நேரே திருத்தக்கூடியவை. தொகை, திகதி, நிபந்தனை மூன்றும் கேள்வியாகத் திரும்பிப் போகவேண்டியவை. இந்தப் பிரிப்பை நாங்கள் இப்போது இரண்டு நிறத்தில் குறிக்கிறோம். திருத்தம் சிவப்பு, கேள்வி நீலம்.

நீலத்தில் இன்னும் இரண்டு வந்தன. ஒன்று, "வெள்ளிக்கிழமைக்கு முன்." வெள்ளி சேர்த்தியா இல்லையா? வியாழன் பின்னேரத்தோடு முடிகிறது என்றும் வாசிக்கலாம். வெள்ளி முடியும் வரைக்கும் என்றாள், ஆகவே திகதியோடு "மே 30 வெள்ளிக்கிழமைக்குள்." ஏன் வெள்ளி என்றும் கேட்டோம். இப்போது வேலை செய்கிற இடத்துக்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும், ஜூலை முதலாம் திகதி போக வேண்டுமானால் மே முடிய முன்னம் சொல்லவேண்டும். அதைக் கடிதத்தில் எழுதலாமே என்றோம். காரணம் இல்லாத கெடு அதட்டல் மாதிரி இருக்கும். காரணம் இருந்தால் அதே கெடு தகவல் ஆகிவிடுகிறது, இறுக்கமும் குறையாது.

இரண்டாவது "போதாது." எங்களில் சிலருக்கு அது கடுமையாகப் பட்டது. ஆனால் நாங்கள் கேட்ட கேள்வி கடுமை பற்றியது அல்ல. போதாது என்றால் யாருக்கு? வீட்டுச் செலவுக்கா, வேலையின் அளவுக்கா? அவளுடைய நியாயம் இரண்டாவது. "பொருந்தவில்லை" என்றால் அது நேரே வரும். யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டாள். "என்று நினைக்கிறேன்" என்பதை அவளே வைத்திருந்தாள், அது இருந்தது.

"உங்கள்", "தங்கள்" விஷயத்தையும் அவளிடமே விட்டோம். தாங்கள் என்று முழுக்கப் போட்டால் கடிதம் மறுபடி விண்ணப்பப் பக்கம் சரிகிறது என்றாள். நீங்கள் என்பதே தமிழில் மரியாதைப் பன்மைதான். கடைசியில் போன கடிதம் இது:

"வணக்கம் ஐயா, உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது, நன்றி. கணக்கு உத்தியோகத்தராக உங்களோடு வேலை செய்ய எனக்கு விருப்பம். இந்த வேலையின் பொறுப்புகள் விளம்பரத்தில் இருந்ததை விடக் கூடுதலாக உள்ளன. இரண்டு திட்டங்களின் கணக்குகளை நானே தனியாகப் பார்க்க வேண்டும் என்று நேர்முகத் தேர்வில் சொல்லப்பட்டது. நீங்கள் குறிப்பிட்ட மொத்தச் சம்பளமான 75,000 ரூபாய் அந்த வேலைக்கும் எனது நான்கு வருட அனுபவத்துக்கும் பொருந்தவில்லை என்று நினைக்கிறேன். அடிப்படைச் சம்பளம் 80,000 ரூபாய், போக்குவரத்துப் படி 10,000 ரூபாய், மொத்தம் 90,000 ரூபாய் என்றால் ஜூலை மாதம் முதலாம் திகதி வேலையைத் தொடங்குவேன். இப்போதைய வேலையிடத்துக்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டியிருப்பதால், உங்கள் பதிலை மே 30 வெள்ளிக்கிழமைக்குள் எதிர்பார்க்கிறேன். நன்றி."

அவளுடைய கடிதத்தை விடக் கொஞ்சம் நீளம். ஆனால் வாசித்தால் அவள் பேசுகிற மாதிரியே இருக்கிறது. இதைச் சரிபார்க்க எங்களிடம் இருப்பது ஒரு வழிதான். முதற்பிரதியையும் திருத்தியதையும் எழுதியவரையே வாய்விட்டு வாசிக்கச் சொல்வது. தன்னுடைய வசனத்தில் யாரும் தடக்குப்படுவதில்லை. எங்கள் முதலாவது திருத்தத்தை அவள் வாசித்தபோது "முன்வைக்க விரும்புகின்றேன்" என்ற இடத்தில் சிரித்தாள். "இந்தச் சொல்லை நான் என்ர வாழ்க்கையில பாவிச்சதில்லை. நாளைக்கு அந்த ஐயா ஃபோன் எடுத்தா நான் எந்தக் குரலில கதைக்கிறது?"

எங்களுக்குள் இன்னமும் ஒரு வாதம் இருக்கிறது, மறைக்கவில்லை. இங்கே ஒரு பெண் பிள்ளை இப்படி நேரே எழுதினால் "வாய்க்காரி" என்று நினைப்பார்கள், ஆகவே கொஞ்சம் மென்மையாக்கிக் கொடுப்பதுதான் அக்கறை என்று எங்களில் ஒரு அக்கா சொல்கிறார். அவர் சொல்கிற ஆபத்து பொய் அல்ல. வந்த வேலையைத் திருப்பி எடுத்துவிட்டால் வீட்டில் இருக்கப்போவது அவள்தான், பிழை பார்த்த நாங்கள் அல்ல. ஆனால் அதனால்தான் அந்த முடிவு எங்களுடையதாக இருக்க முடியாது என்கிறோம். அவளே "கொஞ்சம் தணிச்சு எழுதித் தாங்கோ" என்று கேட்டிருந்தால் தணித்துக் கொடுத்திருப்போம், என்ன குறைகிறது என்பதையும் காட்டியிருப்போம். இலக்கணம் பார்க்கத் தந்த கடிதத்தில் துணிவையும் சேர்த்துப் பார்ப்பது தராத உரிமையை எடுப்பது.

பதில் வியாழக்கிழமையே வந்தது. அடிப்படை 75,000, படி 10,000, மொத்தம் 85,000. "ஆறு மாதத்தின் பின்னர் சம்பளம் மீளப் பரிசீலிக்கப்படும்" என்று கடைசியில் ஒரு வசனம். அவள் அதை எங்களுக்கு அனுப்பினாள். இந்த முறை நாங்கள் நீல நிறத்தில் ஒரேயொரு சொல்லைத்தான் குறித்தோம்: பரிசீலிக்கப்படும். யார், எப்போது? எங்களுக்கு அந்தச் சொல் நன்றாகப் பழக்கம்.

அவள் 85,000 இற்கு ஒத்துக்கொண்டு பதில் எழுதினாள். நியமனக் கடிதத்தில் அந்த வசனத்துக்குப் பக்கத்தில் "2026 ஜனவரி" என்று மாதத்தையும் குறிப்பிட்டுத் தரும்படி கேட்டிருந்தாள். கையெழுத்துக்கு வந்த கடிதத்தில் அது இருந்தது.